மழை விட்டும் படம் வரவில்லையா? டிஷ், கமரா கேபிளில் பிழை தேடும் வழி

கார்த்திகை பிறந்தால் எனக்கு வேலை கூடும். வாடைக்காற்றோடு மழை இறங்கி இரண்டு நாள் ஆனதும் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டிஷ் போச்சு." போய்ப் பார்த்தால் டிஷ் வைத்த இடத்திலேயே அசையாமல் இருக்கும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் எல்என்பியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேபிளின் நுனியில், கட்டைவிரல் நகத்தளவு இருக்கிற எஃப் கனெக்டர்தான் போயிருக்கும்.

அது ஏன் போகிறது என்று வெட்டி வெட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: கேபிளின் தடிப்பு ஒன்று, அதற்குப் போட்ட கனெக்டரின் அளவு வேறொன்று. பொருந்தாத இரண்டையும் குறட்டால் நசுக்கி ஒன்றாக்கி இருப்பார்கள். வெயில் காலம் முழுக்க அது வேலை செய்யும். மாரியில் காட்டிக்கொடுக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு வெர்னியர், 11 மில்லிமீற்றர் ஸ்பானர், சின்னக் காந்தம், 100 ஓம் 5 வாட் சீமெந்து ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் போதும். ரெசிஸ்டர் எதற்கு என்று பின்னால் வரும்.

தொடங்கும் முன் ஒன்று. எந்தக் கனெக்டரைக் கழற்றுவதாக இருந்தாலும் பொக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிடுங்கள். அந்தக் கேபிளுக்குள் எல்என்பிக்குப் போகும் மின்சாரம் ஓடுகிறது. நடுக்கம்பி ஒரு கணம் வெளி உலோகத்தில் பட்டாலே ஷோர்ட்தான். கனெக்டரைத் தொடும்போது கை சுரீரென்றால் அதோடு விட்டுவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 1: மழை பெய்யும்போது படம் போகிறது

### மழை விட்டதும் தானாக வந்துவிடுகிறது

இது கேபிள் பிழை இல்லை. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் சிக்னல் கனத்த மழையை ஊடுருவி வரும்போது பலம் இழக்கும். கருமுகில் கடந்து பத்து, இருபது நிமிடத்தில் படம் திரும்பினால் ஒன்றும் செய்யாதீர்கள். சின்னத் தூறலுக்கே போகிறது என்றால் மட்டும் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கிறதா என்று யோசிக்கலாம். அதைச் சரிசெய்ய சிக்னல் மீற்றர் வைத்திருக்கும் ஆள் வேண்டும். கையால் தள்ளிப் பார்த்து உள்ள சிக்னலையும் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

### மழை விட்டும் வரவில்லை, வெயில் ஏறிய பிறகு வருகிறது

இதுதான் அசல் அடையாளம். கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் படம் வரும். அடுத்த மழையில் மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் காய்வதற்கு முன்னைவிடக் கூட நேரம் எடுக்கும். கடைசியில் வெயிலடித்தாலும் வராது.

முதலில் டிஷ் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பியைப் பாருங்கள். எஃப் கனெக்டரில் தனி ஊசி கிடையாது, கேபிளின் நடுக்கம்பிதான் ஊசி. அது செம்பு நிறத்தில் மினுங்க வேண்டும். கறுத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ தண்ணீர் வந்திருக்கிறது. கனெக்டரின் பின்பக்கத்துக் கேபிளை விரல்களால் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். கனெக்டர் அசையாமல் கேபிள் மட்டும் சுற்றினால், அல்லது இழுத்தவுடன் கழன்று கையோடு வந்தால், சந்தேகமே வேண்டாம்.

வெட்டிப் புதிதாகப் போடுவதுதான் வழி. கறுத்த கம்பியை மண்கடதாசியால் சுரண்டி மறுபடி மாட்டுவது ஒரு வாரத்துக்கு வேலை செய்யும், அவ்வளவுதான். கறுப்பு மேலே மட்டும் இல்லை, உள்ளேயும் போயிருக்கும். தண்ணீர், உறைக்கு அடியில் இருக்கும் பின்னல் கம்பிகளுக்கு இடையால் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து போகும். அதனால் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். உள்ளே பின்னல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் இன்னும் ஒரு சாண் வெட்டுங்கள். பின்னலும் நடுக்கம்பியும் மினுங்கும் இடம் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒரு மீற்றர் வெட்டியும் கறுப்புத் தீரவில்லை என்றால் முழுக் கேபிளையும் மாற்றுவது நல்லது. மிச்சத்தைக் காப்பாற்றப் போய் நடுவில் ஒரு மூட்டுப் போடுவீர்கள், அடுத்த மாரியில் அந்த மூட்டு தண்ணீர் குடிக்கும்.

புதுக் கனெக்டரை எப்படிப் போடுவது என்பது அறிகுறி 3-இல் இருக்கிறது. பிழையின் வேர் அங்கேதான், அதனால் அதை வாசிக்காமல் போட வேண்டாம்.

## அறிகுறி 2: பாதிச் சேனல்கள் வருகின்றன, பாதி வரவில்லை

எல்லாரும் எல்என்பியை மாற்றச் சொல்லும் அறிகுறி இது. நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் ஏற்கனவே ஒரு தடவை எல்என்பி மாற்றப்பட்டிருக்கும், அதுவும் வீணாக.

பொக்ஸ் ஒரு பகுதிச் சேனல்களுக்கு 13 வோல்ட்டும் மறு பகுதிக்கு 18 வோல்ட்டும் கேபிள் வழியாக அனுப்புகிறது. எல்என்பி அந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் எந்தப் பகுதியைத் தருவது என்று முடிவு செய்கிறது. 18 புறப்பட்டு வழியில் 14-க்குக் கீழே விழுந்துவிட்டால் எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது 18-இல் வர வேண்டிய சேனல்கள் எல்லாம் இல்லாமல் போகும்.

இனி மீற்றர். டிஷ் முனையில் கனெக்டரைக் கழற்றி, வராத சேனல் ஒன்றில் பொக்ஸை விட்டு, நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் அளந்தால் பெரும்பாலும் 18 காட்டும். "வோல்ட் சரி, அப்ப எல்என்பிதான்" என்று எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒன்றும் இழுக்காத கேபிளில் வோல்ட் விழாது. எல்என்பி இழுக்கும் அளவு மின்னோட்டம் ஓடினால்தான் பிழை வெளியே வரும். அதற்குத்தான் அந்த 100 ஓம் ரெசிஸ்டர். பொக்ஸை நிறுத்தி, ரெசிஸ்டரை நடுக்கம்பிக்கும் கனெக்டர் உடலுக்கும் இடையில் முதலைக்கவ்வியால் பிடித்து, மறுபடி போட்டு அளவுங்கள். ரெசிஸ்டர் கை சுடும் அளவுக்குச் சூடாகும், அரை நிமிடத்துக்குமேல் வைக்க வேண்டாம்.

போன மாரியில் கல்லடியில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடலுக்கு இரண்டு வளவு இந்தப் பக்கம். வீட்டு அம்மா வாசலிலேயே தொடங்கிவிட்டார்: "மனே, எல்என்பி மாத்தியாச்சு, டிஷ்ஷையும் திருப்பிப் பாத்தாச்சு. இனி என்னத்த மாத்திற?" நான் ஏணியில் ஏறி அளந்தேன். ரெசிஸ்டர் இல்லாமல் 18.1. ரெசிஸ்டர் வைத்ததும் 13.6.

கணக்கு சின்னது. 18.1-ஐ 13.6-ஆல் பிரித்து, 100-ஆல் பெருக்கி, 100-ஐக் கழித்தால் வழியில் இருக்கும் தடை கிடைக்கும். ஏறத்தாழ 33 ஓம் வந்தது. கேபிள் 26 மீற்றர். செம்பு பூசிய இரும்புக் கம்பி உள்ள மெல்லிய கேபிள் என்றாலும் அந்த நீளத்துக்கு 4, 5 ஓம்தான் நியாயம். மீதி இருபத்தெட்டும் எங்கோ ஒரு மூட்டில் நிற்கிறது.

கனெக்டரை வெட்டி எடுத்தேன். அறுகோணமாக நசுக்க வேண்டிய வளையம் குறட்டால் தட்டையாகியிருந்தது. கேபிள் 6.1 மில்லிமீற்றர், அதாவது ஆர்ஜி-59 என்ற மெலிந்த வகை. கனெக்டரோ அதைவிடத் தடித்த ஆர்ஜி-6-க்கு உரியது. தொளதொளவென்று இருந்ததால்தான் யாரோ குறட்டை எடுத்திருக்கிறார். உள்ளே பின்னல் கம்பி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக் காட்டினேன். "இதுக்கா எல்என்பி மாத்தின?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அறுபது சென்ரிமீற்றர் வெட்டிய பிறகு செம்பு மினுங்கியது. டிஷ்ஷடியில் நல்ல வேளையாகக் கேபிள் ஒரு சுற்று மிச்சம் விட்டிருந்தது. ஆர்ஜி-59-க்கான கொம்பிரஷன் கனெக்டரைப் போட்டு மறுபடி ரெசிஸ்டரோடு அளந்தேன்: 17.3. சேனல்கள் எல்லாம் வந்தன. பழைய எல்என்பியை அவர் எறியாமல் வைத்திருந்தார். அதையும் மாட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

### ரெசிஸ்டரோடும் 17-க்கு மேல் நிற்கிறது

அப்படியானால் கேபிளை விட்டுவிடுங்கள். இப்போதுதான் எல்என்பியைச் சந்தேகிக்கலாம். ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள், பிறகு காசு கொடுங்கள்.

### ரெசிஸ்டர் இல்லாமலே 18 இல்லை

பொக்ஸின் பின்பக்கத்திலேயே அளந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் பொக்ஸ் பிழை, அது கடைக்குப் போக வேண்டியது. அங்கே இருந்து டிஷ்ஷில் இல்லையென்றால் நடுவில் எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. கூரை ஓட்டுக்கு அடியில் எலி கடித்த இடத்தைத் தேடுங்கள்.

## அறிகுறி 3: புதிதாகக் கனெக்டர் போட்டதும் ஒன்றுமே வரவில்லை, அல்லது ஆட்டினால் வந்து வந்து போகிறது

### முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை

கனெக்டரின் வாய்க்குள் பாருங்கள். ஒரு மயிரிழைப் பின்னல் கம்பி நடுக்கம்பியில் பட்டுக்கொண்டிருந்தால் ஷோர்ட். சில பொக்ஸ்கள் எல்என்பி ஷோர்ட் என்று திரையிலேயே சொல்லும், சில பேசாமல் இருக்கும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். குறைந்தால் உள்ளே தொடாது. கூடினால் பொக்ஸின் துளையைக் கெடுக்கும். நடுக்கம்பியில் வெள்ளை நுரையின் மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இந்த மூன்றிலும் காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

### கேபிளின் தடிப்பை அளவுங்கள்

கேபிளின் மேல் ஆர்ஜி-6 என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். வெர்னியரை வையுங்கள். ஆர்ஜி-59 ஏறத்தாழ 6.1 மில்லிமீற்றர், ஆர்ஜி-6 ஏறத்தாழ 6.9. நான்கு அடுக்குக் கவசம் உள்ள ஆர்ஜி-6 ஏழரைக்குப் பக்கத்தில் வரும். ஆர்ஜி-11 பத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கனெக்டர். ஆர்ஜி-59 கனெக்டர் ஆர்ஜி-6 கேபிளில் ஏறவே ஏறாது, அதனால் அங்கே யாரும் பிழை விடுவதில்லை. ஆபத்து மறுபக்கம்தான்: ஆர்ஜி-6 கனெக்டர் ஆர்ஜி-59-இல் சுகமாக ஏறும், பார்வைக்கு எல்லாம் சரி என்று தோன்றும், உள்ளே பிடி இருக்காது. ஹாட்வெயார் கடையில் மலிவாக வரும் சில சுருள்களில் பெயர் ஆர்ஜி-6, அளந்தால் 6.4 கூட வராது. அதற்குப் பொருந்தும் கனெக்டரே கிடைப்பதில்லை. ஒரு துண்டு கேபிளைக் கையோடு கடைக்குக் கொண்டு போய், கனெக்டரை அங்கேயே ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

### கிரிம்ப்பா, கொம்பிரஷனா?

சுற்றிப் பூட்டும் எஃப் கனெக்டரைப் பற்றி ஒரு வரி போதும்: வெளியே போடாதீர்கள்.

கிரிம்ப் கனெக்டரின் பின்வளையத்தை அறுகோண வாயுள்ள கருவியால் நசுக்குவோம். சரியான கருவியும் சரியான அளவும் இருந்தால் பிடி நல்ல பிடிதான். ஆனால் அறுகோணத்தின் ஆறு பக்கமும் கேபிளை அழுத்தும்போது மூலைகளில் மெல்லிய இடைவெளி நிற்கும். பின்பக்கம் அடைப்பு எதுவும் இல்லை. வீட்டுக்குள், டிவிக்குப் பின்னால் இது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே கிரிம்ப் போட்டுப் பத்து வருடம் நிற்கிற இடங்கள் எனக்குத் தெரியும். வெளியே, உப்புக்காற்றில், அந்த மூலைகள் வழியாகத்தான் ஈரம் உள்ளே போகிறது.

கொம்பிரஷன் கனெக்டரில் கருவி பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் வளையம் கேபிளின் உறையைச் சுற்றிவர ஒரே சீராக இறுக்குகிறது. நல்லவற்றில் முன்பக்கம் ரப்பர் வளையமும் இருக்கும். கடற்கரையில் வெளி முனைக்கு நான் இதைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. கனெக்டர் விலை கொஞ்சம் கூட, கருவிக்கும் காசு போகும். ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் கருவி வாங்க வேண்டாம், கருவி உள்ளவரைக் கூப்பிடுவது இலாபம். குறட்டால் கொம்பிரஷன் கனெக்டரை அமுக்க நினைக்கவே வேண்டாம். அது கோணலாகி, கிரிம்ப்பைவிடக் கேவலமாகப் போகும்.

### போடும் முறை

நுனியிலிருந்து 6 மில்லிமீற்றருக்கு எல்லாவற்றையும் நீக்கி நடுக்கம்பியை வெளியே எடுங்கள். அடுத்த 6 மில்லிமீற்றருக்கு வெளி உறையை மட்டும் நீக்குங்கள். இரண்டு அலகுள்ள ஸ்ட்ரிப்பர் இருந்தால் ஒரே சுற்றில் இரண்டும் வெட்டுப்படும். கத்தியால் வெட்டினால் நடுக்கம்பியில் கீறல் விழாமல் பார்க்க வேண்டும். கீறல் விழுந்த இடத்தில்தான் பிறகு முறியும்.

வெளிவந்த பின்னலை உறையின்மேல் பின்னோக்கி மடித்துச் சுற்றிவரப் பரப்புங்கள். வெள்ளை நுரையை ஒட்டிய அலுமினியத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள், அதை உரித்துவிடுவது புதியவர்கள் வழக்கமாக விடும் பிழை. இனிக் கனெக்டரைத் தள்ளுங்கள். உள்ளே உள்ள குழாய் தாளுக்கும் பின்னலுக்கும் நடுவில் போக வேண்டும். கொஞ்சம் பலம் வேண்டும், மெல்ல முறுக்கியபடி தள்ளினால் போகும். கனெக்டரின் வாய்க்குள் பார்த்தால் வெள்ளை நுரை உள்தரையோடு சமமாக வந்து நிற்க வேண்டும். கீழே நின்றால் இன்னும் தள்ளுங்கள். அது சமமாகும் முன்னே கருவியை அமுக்கிவிட்டால் அந்தக் கனெக்டர் குப்பைதான்.

அமுக்கிய பிறகு நன்றாக ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. எல்என்பியில் மாட்டிக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்றுக்குக் குறைவாக ஒரு திருப்பு.

டிஷ்ஷடியில் கேபிள் கனெக்டரை விடத் தாழ்ந்து ஒரு வளைவு எடுத்துப் பிறகு ஏற வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். மேலே சுற்றுவதற்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் நல்லது. கிடுகு வேய்வது போலக் கீழிருந்து மேலே சுற்றிக்கொண்டு போங்கள், அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின்மேல் படிந்து தண்ணீரை வெளியே விடும். வினாகிரி மணக்கிற சிலிக்கோனைப் பூசாதீர்கள், அந்த அமிலம் செம்பையே தின்றுவிடும்.

## அறிகுறி 4: கமராப் படத்தில் நிழல் விழுகிறது, நிறம் போகிறது

கமரா என்று இங்கே சொல்வது கோஆக்சியல் கேபிளில் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிக்கு வரும் கமராக்களை. அதன் முனையில் எஃப் இல்லை, பிஎன்சி என்ற வேறு வகைக் கனெக்டர் இருக்கும். மற்றபடி தண்ணீர்க் கதை அதேதான்.

### இரவில் மட்டும் படம் போகிறது

கோஆக்சியல் கேபிளைத் தொடாதீர்கள். இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து கூட மின்சாரம் இழுக்கும். பக்கத்தில் ஓடும் மெல்லிய பவர் வயரில் 12 வோல்ட் விழுகிறது. கமரா முனையில் இரவில் அளந்து பாருங்கள்.

### பொருட்களின் விளிம்புக்கு வலப்பக்கம் மங்கிய இரட்டை நிழல்

வாழைச்சேனைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இதைப் பார்த்தேன். நான்கு கமரா. மூன்றில் படம் சுத்தம். வாசல் கமராவில் மட்டும் கதவு நிலைக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் நிலை. கமராவை மாற்றியும் போகவில்லை. கேபிள் தொண்ணூறு மீற்றர். மற்ற மூன்றும் கறுப்பில் தடித்த கேபிள், இது மட்டும் மெலிவு. "படகு ரேடியோவுக்கு வாங்கினதில மிச்சம் கிடந்துச்சு தம்பி, நல்ல கேபிள்தானே" என்றார் முதலாளி.

நல்ல கேபிள்தான், படகு ரேடியோவுக்கு. ஆர்ஜி-58 என்ற அந்தக் கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது ஓடும் சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, 50 ஓம். டிஷ், டிவி, கமரா எல்லாம் 75 ஓமுக்கு அமைந்தவை. 75-உம் 50-உம் சந்திக்கும் முனையில் சிக்னலின் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிப் போகும். அது மறுமுனையில் மோதி, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு மறுபடி திரும்பி வரும். ஐந்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று, நூற்றுக்கு நான்கு. அந்த நான்குதான் பிந்தி வந்து நிழலாக விழுகிறது. கேபிள் குட்டையாக இருந்தால் நிழல் அசல் விளிம்போடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "என் வீட்டுல அதையேதான் போட்டிருக்கேன், நல்லா இருக்கே" என்று சிலர் சொல்கிறார்கள்.

இந்த 50, 75 இரண்டையும் மல்டிமீட்டரால் அளக்க முடியாது. ஓம் என்ற பெயரைப் பார்த்து மீற்றரை வைத்து, 75 காட்டவில்லை என்று கேபிளைத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணால் பிரித்தறியலாம். நுனியை வெட்டிப் பாருங்கள். ஆர்ஜி-58-இன் வெளித்தடிப்பு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். நடுவில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பி இருக்காது, பல இழைகள் முறுக்கியிருக்கும். நடுக்கம்பி தடிப்பாகவும் அதைச் சுற்றிய வெள்ளை மெலிவாகவும் தெரியும். ஆர்ஜி-6-இல் வெள்ளையின் குறுக்களவு நடுக்கம்பியைப்போல நாலரை மடங்கு, ஆர்ஜி-58-இல் மூன்று மடங்கைச் சற்றுத் தாண்டும். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தடவையில் மனதில் பதிந்துவிடும்.

இதற்கு மருந்து கிடையாது. முழு ஓட்டத்தையும் 75 ஓம் கேபிளுக்கு மாற்ற வேண்டும். பாதியை மட்டும் மாற்றினால் இரண்டும் சேரும் நடு மூட்டும் திருப்பி அனுப்பத் தொடங்கும். களஞ்சியத்தில் ஆர்ஜி-59 தான் இழுத்தேன், நிழல் போய்விட்டது. முதலாளி ஆர்ஜி-6 கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். கமராச் சிக்னலுக்கு அந்த நீளத்தில் ஆர்ஜி-59 தாராளம், மூலைகளில் வளைக்கவும் இலகு.

### படம் மங்கல், நிறம் வந்து போகிறது, நிழல் இல்லை

பிஎன்சியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். அதிலும் தீராமல் ஓட்டம் நீளமாக இருந்தால் காந்தத்தை நடுக்கம்பியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. டிஷ்ஷுக்கு இது பிழையில்லை, அந்த உயர்ந்த அதிர்வெண்ணில் சிக்னல் கம்பியின் தோலிலேயே ஓடுகிறது, அங்கே செம்பு இருக்கிறது. கமராச் சிக்னலின் தாழ்ந்த பகுதி கம்பியின் உள்ளேயும் ஓட வேண்டும், இரும்பு அதைத் தின்றுவிடும். நீண்ட கமரா ஓட்டத்துக்கு முழுச் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள்.

### கிடைக்கோடுகள் மெல்ல மேலேயோ கீழேயோ நகர்கின்றன

கமராவும் டிவிஆரும் இரண்டு வேறு கட்டடங்களில் வேறு வேறு மின் இணைப்பில் இருந்தால் இது வரும். முதலில் கமராவின் உலோக உடல் தகரத்தையோ இரும்புத் தூணையோ தொடாமல் நடுவில் ஒரு மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் பெட்டி வைத்துப் பாருங்கள். பல இடங்களில் அதோடு சரி. போகாவிட்டால் எலெக்ட்ரீஷியன்தான். எர்த் பார்க்காமல் கேபிளை மாற்றுவது வீண்செலவு.

## அறிகுறி 5: வெயிலிலும் சிக்னல் குறைவு, கனெக்டர்கள் எல்லாம் புதிது

கேபிள் மெலிவு என்ற சந்தேகத்துக்கு இப்போதுதான் நேரம். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை. மேல் நுனியில் ஆர்ஜி-6 கேபிள் 30 மீற்றருக்குப் பத்து டெசிபெல் அளவில் இழக்கும், ஆர்ஜி-59 அதைவிட மூன்று நான்கு கூட இழக்கும். மூன்று டெசிபெல் என்றால் பலம் பாதியாவது. ஆனாலும் எல்என்பி தரும் பலம் பெரிது, அதனால் 20 மீற்றருக்குள் ஆர்ஜி-59 இருந்தாலும் வழக்கமான பொக்ஸுக்குப் போதும். அதற்காகக் கேபிளை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

30 மீற்றரைத் தாண்டும்போது ஆர்ஜி-6 வேண்டும். நடுவில் பிரிப்பான் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துப் பாருங்கள், அதுவே பாதிப் பலத்தைத் தின்றுகொண்டிருக்கும். 60 மீற்றருக்கு மேல், படுவான்கரைப் பக்கத்துப் பெரிய வளவுகளில் மரமில்லாத இடம் தேடி டிஷ்ஷைத் தூரத்தில் வைப்பவர்களுக்கு ஆர்ஜி-11 நினைவுக்கு வரும். அது தடிப்பு, வளையாது, விலை கூட, அதன் கனெக்டரும் கருவியும் வேறு. அந்தக் காசில் டிஷ்ஷை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். மரம் விடாது என்றால் ஆர்ஜி-11-ஐப் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அந்தக் கேபிளில் ஒரு கனெக்டர் பிழையாகப் போனால் வெட்டி வீணாகும் ஒவ்வொரு சாணும் காசு.